குரல் கம்மிய ஆசிரியையும் முதல்வருக்கு அவர் எழுதிய கடிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குரல் சிகிச்சைக்காக என்னிடம் வருபவர்களில் ஆசிரியைகளே அதிகம். அவர்களுள் ஒருவரின் நிகழ்வை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவருடைய சிகிச்சையில் மருந்தையும் பயிற்சியையும் விடப் பெரிய பங்கு வகித்தது, அவர் தன் பள்ளி முதல்வருக்கு எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம் என்பதுதான் காரணம். அவருடைய ஒப்புதலுடன் எழுதுகிறேன். அவரையோ பள்ளியையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கிறார். பதினாறு ஆண்டு அனுபவம் உண்டு. நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகளில் ஆறு அவருடையவை. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஜூலையில் முதல் முறையாகத் தொண்டை கட்டியது. சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்தார், ஒரு வாரத்தில் தேறியது. ஆகஸ்டில் மறுபடியும் கட்டியபோது பக்கத்துத் தெரு மருத்துவர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் மூன்றாம் முறை வந்தது. காலாண்டு விடுமுறையில் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டதால் இனிக் கவலையில்லை என்று நினைத்திருக்கிறார். பள்ளி திறந்த நான்காம் நாள் மாலைக்குள் குரல் பழையபடி கம்மிவிட்டது.

அவர் சொன்னவற்றில் இந்த விடுமுறைக் கணக்குத்தான் என் கவனத்தை முதலில் இழுத்தது. சளியாலோ தொற்றாலோ வரும் கம்மல் பள்ளி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை மோசமாகவும் திங்கட்கிழமை காலை சற்று மேலாகவும், விடுமுறையில் நன்றாகவும் வேலை நாளில் கெட்டும் குரல் போகுமானால், குரலுக்கு ஏற்றப்படும் சுமையைத்தான் முதலில் தேட வேண்டும். ஆனாலும் அப்படி யூகித்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கிவிடக் கூடாது. நான்கு வாரத்துக்குள் சரியாகாத, அல்லது திரும்பத் திரும்ப வரும் கம்மல் உள்ள எவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை உள்நோக்கியால் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். புற்றுநோய், குரல்நாண் செயலிழப்பு ஆகியவையும் முதலில் சாதாரணத் தொண்டைக் கட்டாகவே தொடங்கலாம். அவற்றைக் காதால் கேட்டுப் பிரித்தறிய முடியாது.

உள்நோக்கியில் தெரிந்தது இதுதான்: இரண்டு குரல்நாண்களின் விளிம்பிலும், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, எதிரெதிரே இரண்டு சிறு வீக்கங்கள் இருந்தன. நாண்கள் மூடும்போது அந்த இடம் மட்டும் முட்டிக்கொள்ள, அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி விழுந்தது. அதனால் நடுவில் இடுங்கிய உடுக்கை போன்ற வடிவம் தெரிந்தது. அந்த இடைவெளி வழியே வீணாகும் காற்றுதான் நம் காதில் கம்மலாகக் கேட்கிறது. இவற்றைக் குரல்நாண் முடிச்சு என்கிறோம். இவருடையவை இன்னும் மென்மையானவை, அதாவது தழும்பாக இறுகாதவை. இந்த நிலையில் அறுவை சிகிச்சை தேவையில்லை. சுமை குறைந்தால் பெரும்பாலும் தாமாகவே வடியும். சுமை குறையாவிட்டால், வெட்டி எடுத்தாலும் அதே இடத்தில் மீண்டும் வரும்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை அவரோடு உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தோம். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இருநூறு முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆறு பாடவேளை என்பது 240 நிமிடம். மாணவர் எழுதும் நேரம், மூச்சு வாங்கும் இடைவெளி, குரலே சேராத எழுத்தொலிகள் எல்லாவற்றையும் கழித்து அதில் கால்பங்கு நேரம்தான் நாண்கள் உண்மையில் அதிர்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் மோதல்கள் ஆகின்றன. உரக்கப் பேசினால் சுருதி தானாகவே ஏறும். முந்நூறுக்கு ஏறினால் அதே ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும், ஒவ்வொரு மோதலும் கூடுதல் வேகத்தோடு விழும். ஆண்களின் குரல்நாண்கள் நீளமானவை, ஏறத்தாழ இதில் பாதி வேகத்தில் அதிர்பவை. முடிச்சு ஆசிரியைகளிடம் அதிகமாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கணக்கை முடித்தபோது அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் கத்துறதாலதான் வந்துச்சுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. அவர் ஏன் கத்த வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

அடுத்த முறை வரும்போது வகுப்பறையைப் பற்றிய குறிப்புகளுடன் வந்தார். நாற்பத்தாறு மாணவர்கள், நான்கு மின்விசிறிகள், சாலையைப் பார்த்த ஜன்னல்கள், எதிரே பேருந்து நிறுத்தம். கரும்பலகையிலிருந்து கடைசி இருக்கை ஏறத்தாழ ஏழு மீட்டர். மாணவர்கள் அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும்போதே கைபேசிச் செயலி ஐம்பத்தெட்டு டெசிபல் காட்டியது. அந்தச் செயலிகள் துல்லியமானவை அல்ல, ஆனால் நிலவரத்தைப் புரிந்துகொள்ளப் போதும். குழந்தைகள் பாடத்தைச் சிரமமின்றிப் புரிந்துகொள்ள, பின்னணி இரைச்சலைவிட ஆசிரியரின் குரல் ஏறத்தாழ பதினைந்து டெசிபல் கூடுதலாக அவர்கள் காதை எட்ட வேண்டும் என்பது வகுப்பறை ஒலியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி கடைசி இருக்கையில் எழுபத்து மூன்று டெசிபல் கேட்க வேண்டும். இயல்பாக உரையாடும் குரலோ ஒரு மீட்டர் தூரத்திலேயே அறுபது டெசிபல் அளவில்தான் இருக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் அதில் ஆறு டெசிபல் குறையும். சுவர்களின் எதிரொலி அறைக்குள் அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டினாலும், பாக்கித் தொகையைத் தொண்டைதான் கட்ட வேண்டியிருந்தது.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911-இல் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எடுத்துக்காட்டியதால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது ஏறக்குறைய அனிச்சைச் செயல். ஆகையால் இரைச்சலான வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடம் "மெதுவாகப் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புவது பயன் தராது. 2002-இல் அமெரிக்காவில் குரல் பிரச்சினை உள்ள 44 ஆசிரியர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சிலருக்கு இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கி மைக்கும், சிலருக்குக் குரல் பராமரிப்பு அறிவுரையும் கொடுத்து, மற்றவர்களை எதுவும் செய்யாமல் ஆறு வாரம் வைத்துப் பார்த்தார்கள். தெளிவாகப் பயன் பெற்றவர்கள் மைக் பயன்படுத்தியவர்கள். வெறும் அறிவுரை பெற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. நான் மைக்கை மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய பொருளாகவே கருதுவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆனால் மைக்கைப் பள்ளிக்குள் கொண்டுபோக அனுமதி வேண்டும். அதைவிடச் சிக்கலானது தண்ணீர்.

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு முதலில் குடிக்கிறேன் என்றுதான் சொன்னார். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டபோதுதான் உண்மை வந்தது. காலை எட்டு மணிக்கு வீட்டில் ஒரு டம்ளர் காபி. மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர். பிறகு வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்குமேல்தான். ஏனென்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடிச்சா பாத்ரூம் போகணும். அதுக்கு நேரம் இல்ல மேடம்" என்றார். ஆசிரியைகளுக்கான கழிப்பறை அடுத்த கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது, அவருடைய வகுப்புகள் இரண்டாம் மாடியில். காலையில் இரண்டாம் பாடவேளைக்குப் பின் வரும் பத்து நிமிட இடைவேளையில் அவருக்கு மாடிப் படிக்கட்டில் மாணவர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு. செவ்வாயும் வியாழனும் முதல் நான்கு பாடவேளைகளும் தொடர்ச்சியாக அவருடையவை. ஆக அந்த இரு நாட்களிலும் மதியம் வரை அவரால் கழிப்பறைக்குப் போகவே முடியாது. அதனால் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இப்படிப் பல ஆசிரியைகள் வருடக்கணக்காகத் தாகத்தை அடக்கப் பழகியிருக்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தண்ணீர் குரலுக்கு எப்படி உதவுகிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டு இறங்குவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் ஈரம் பெறும்போதுதான் நாண்களின் உள்திசுவும் அதன்மேல் படரும் மெல்லிய சளிப்படலமும் சரியான பதத்துக்கு வருகின்றன. ஈரம் குறைந்த நாண்களை அதிரவைக்க நுரையீரலிலிருந்து கூடுதல் அழுத்தம் தர வேண்டும். அதனால்தான் தொண்டை வறண்ட பிறகு ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிப்பதால் உடனே பயன் கிடைப்பதில்லை; காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். அதற்குப் பள்ளி நாளின் நடுவே இடைவெளிகள் வேண்டும். தண்ணீர் முடிச்சைக் கரைத்துவிடாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். கடிதத்தில் மைக்கை முதலாவதாகவும் தண்ணீரை இரண்டாவதாகவும் வைக்கச் சொன்னது அதனால்தான்.

அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்த கடிதம் ஏழெட்டு வரிதான் இருந்தது. "எனக்கு அடிக்கடி தொண்டை வலியும் குரல் கம்மலும் ஏற்படுவதால் வகுப்பு நடத்த மிகவும் சிரமமாக உள்ளது. தங்கள் மேலான கருணையால் தக்க உதவி செய்யுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்பது அதன் சாரம். படித்ததும் நான் அவரிடம், நீங்கள் முதல்வராக இருந்தால் இதற்கு என்ன பதில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்கன்னு சொல்லுவேன்" என்றார். அதுதான் அந்தக் கடிதத்தின் குறை. என்ன வேண்டும் என்று அதில் இல்லை. எப்போது, எவ்வளவு நேரம், யாருக்கு என்ன மாற்றம் என்று இல்லை. படிப்பவருக்கு இரக்கம் வரலாம், ஆனால் ஒப்பமிட்டு அனுப்ப ஒரு தீர்மானம் அதில் இல்லை. இரண்டு நாள் விடுப்பும் முடிச்சுக்கு ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் அதே ஏழு மீட்டர், அதே ஐம்பத்தெட்டு டெசிபல்.

வேறொரு தயக்கமும் அவருக்கு இருந்தது. தனியார் பள்ளியில் உடல்நலக் குறையை எழுத்தில் கொடுத்தால், அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பின்போது அதையே காரணமாகக் காட்டுவார்களோ என்று பயந்தார். பயம் நியாயமானதுதான். அதற்காகவே கடிதத்தை, என்னால் முடியவில்லை என்ற தொனியில் அல்லாமல், முழுப் பாடவேளைகளையும் தொடர்ந்து எடுக்க இவை தேவை என்ற தொனியில் அமைத்தோம். பாடவேளைகளைக் குறைக்கும்படி அவர் கேட்கவே இல்லை. மருத்துவரின் சான்றிதழை இணைத்தோம், ஆனால் நோயின் விவரங்களைக் கடிதத்தில் இரண்டு வரிக்குமேல் எழுதவில்லை. கழிப்பறை என்ற சொல்லை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் பேசினோம். முதல்வர் ஆண் என்பதால் அவருக்குக் கூச்சம். அதை எழுதாவிட்டால் தண்ணீர் இடைவேளைக்கு ஏன் பத்து நிமிடம் வேண்டும் என்பது புரியாமல் போகும் என்று நான் வற்புறுத்தினேன். இறுதியில் எழுதினார். அவர் கொடுத்த கடிதம் இது. பெயர்களையும் நாட்களையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

அனுப்புநர்: பட்டதாரி ஆசிரியை, சமூக அறிவியல்.
பெறுநர்: முதல்வர் அவர்கள்.
பொருள்: வகுப்பறையில் ஒலிபெருக்கி மைக் பயன்படுத்தவும் தண்ணீர் இடைவேளைக்கும் அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இக்கல்வியாண்டில் ஜூலை முதல் நான்கு முறை எனக்குக் குரல் கம்மல் ஏற்பட்டுள்ளது. மருத்துவர் பரிசோதித்து, தொடர்ந்து உரக்கப் பேசுவதால் குரல்நாண்களில் வீக்கம் உள்ளது என்றும், குரலின் சுமையைக் குறைத்தால் அறுவை சிகிச்சையின்றிக் குணமாக வாய்ப்புள்ளது என்றும் தெரிவித்துள்ளார். சான்றிதழை இணைத்துள்ளேன். என் ஆறு பாடவேளைகளையும் வழக்கம்போல் தொடர்ந்து எடுக்க விரும்புகிறேன். அதற்காகக் கீழ்க்கண்டவற்றுக்கு, முதலில் நான்கு வாரங்களுக்குச் சோதனை முறையில் அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, தலையில் அணியும் மைக்கும் இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கியும் கொண்ட ஒரு தொகுப்பைப் பள்ளி சார்பில் வாங்கித் தர வேண்டுகிறேன். இதன் விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருக்கும். மின்னேற்றம் செய்ய ஆசிரியர் அறையில் உள்ள பிளக் போதும். கொள்முதலுக்குத் தாமதமாகுமானால், சோதனைக் காலத்தில் என் சொந்த மைக்கைப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். பக்கத்து வகுப்புகளுக்கு இடையூறு ஏற்படாத அளவில் ஒலியை வைத்துக்கொள்வேன். அந்த ஆசிரியர்களிடம் வாரந்தோறும் கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

இரண்டாவதாக, காலை இடைவேளையில் எனக்குள்ள படிக்கட்டுப் பொறுப்பை மாற்றித் தர வேண்டுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் சென்று வரவும் இயலும். இதற்கு ஈடாக, பேசத் தேவையில்லாத மாலை நேர நூலகப் பொறுப்பை ஏற்கத் தயாராக உள்ளேன். அத்துடன் வகுப்பறை மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டுகிறேன்.

மூன்றாவதாக, செவ்வாய், வியாழக் கிழமைகளில் முதல் நான்கு பாடவேளைகளும் தொடர்ச்சியாக உள்ளன. மூன்றாம் பாடவேளையை ஆறாம் பாடவேளையோடு மாற்றிக்கொள்ளச் சக ஆசிரியை ஒருவர் சம்மதித்துள்ளார். அவரது ஒப்புதல் கையெழுத்தைக் கீழே பெற்றுள்ளேன்.

நான்கு வாரங்களின் முடிவில் இவை எவ்வாறு பயன்பட்டன என்பதை ஒரு பக்க அறிக்கையாகத் தங்களிடம் அளிப்பேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, சக ஆசிரியையின் சம்மதத்தைக் கையெழுத்தோடு சேர்த்திருந்த வரி. அது என் யோசனை அல்ல, அவராகவே செய்தது. கால அட்டவணையை மாற்றுவது ஒரு முதல்வருக்கு எவ்வளவு தலைவலி என்பது அவருக்குத் தெரியும். அந்த வேலையை முடித்துவிட்டே கடிதத்தைக் கொண்டுபோனார்.

முதல்வர் மூன்று நாள் கழித்து அழைத்துப் பேசினார். அவருடைய முதல் கேள்வி, "உங்களுக்குக் கொடுத்தா எல்லா டீச்சரும் கேப்பாங்களே மிஸ்" என்பதாக இருந்தது. எந்த நிர்வாகியும் கேட்கக்கூடிய கேள்விதான். மருத்துவச் சான்றிதழோடு கேட்பவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என இவர் பதில் சொல்லியிருக்கிறார். படிக்கட்டுப் பொறுப்பும் பாடவேளை மாற்றமும் அன்றே முடிவாகின. தண்ணீர் பாட்டிலுக்குப் பேச்சே எழவில்லை. அங்கே அதற்குத் தடையென்று எழுதப்பட்ட விதி எதுவும் இருந்ததில்லை, யாரோ எப்போதோ சொன்னதை எல்லாரும் பின்பற்றி வந்திருக்கிறார்கள். மாணவர்களுக்காகக் கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள். அதே மணிக்கு ஆசிரியரும் குடிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் பல இடங்களில் இன்னும் வரவில்லை. மைக் வாங்குவது தாளாளரின் ஒப்புதலுக்குப் போனதால், சோதனைக் காலத்துக்கு அவர் சொந்தமாக வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் சரியாகப் போகவில்லை. பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம் ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐந்தாம் பாடவேளையில் மின்னேற்றம் தீர்ந்தது. பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் வந்து கதவைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று மாலை அவருடைய குரல் முன்பைவிட நன்றாக இல்லை. மைக்கையும் கட்டிக்கொண்டு வரச்சொல்லி, என் அறையில் வகுப்பு எடுப்பதுபோலப் பேசச் சொன்னேன். மைக் இருந்தும் அவர் பழைய உரத்திலேயே பேசினார். பதினாறு ஆண்டாகக் கடைசி இருக்கையைக் குறிவைத்துப் பழகிய குரல் அது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மைக்கின் முனை அவருடைய வாய்க்கு நேரே நான்கு விரற்கடை தள்ளி இருந்தது. தூரம் அதிகமானதால் ஒலி அளவை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். அப்படி ஏற்றியதால் ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து அலறியது. சுவருக்கு அருகில் போகும்போது எதிரொலியும் சேர்ந்துகொண்டது. மைக் முனையை வாயின் ஓரத்துக்கு, உதட்டிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் கொண்டுவந்தோம். மூச்சுக் காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம். ஒலி அளவைப் பாதிக்குக் குறைத்தோம். ஒலிபெருக்கியை இடுப்பிலிருந்து கழற்றி, மாணவர்களைப் பார்த்தபடி மேசையின் முன்விளிம்பில் வைத்து நீண்ட வயரால் இணைத்துக்கொண்டார். பிறகு ஒலி அளவைத் தொடாமல், சமையலறையில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் குரலில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். இரண்டு வரி வாசித்ததும் நிறுத்திவிட்டு, தன் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்பது புதிதாக இருக்கிறது என்றார். தன் குரல் தனக்கே நன்றாகக் கேட்கும்போது மனிதர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள்; இரைச்சலில் குரலை உயர்த்தும் அதே அனிச்சை இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. அதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மூன்று அமர்வுகள் ஆயின.

வகுப்பில் அவர் ஒரு சோதனை செய்துகொண்டார். பாடப்புத்தகத்திலிருந்து பத்துச் சொற்களைச் சமையலறைக் குரலில் வாசித்து, கடைசி வரிசைப் பிள்ளைகளை எழுதச் சொல்வார். மைக் இல்லாமல் நாலோ ஐந்தோ சரியாக வந்தன. மைக்கோடு ஒன்பதும் பத்தும் வந்தன. அந்தத் தாள்களைத் தேதியிட்டு எடுத்து வைத்தார். ஒலி அளவு போதுமா என்பதற்கும் அதுவே அளவுகோல் ஆனது: பத்துச் சொல்லும் சரியாக வந்துவிட்டால் அதற்குமேல் ஏற்றத் தேவையில்லை. கணித ஆசிரியரும் மறுபடி வரவில்லை. மின்னேற்றத்துக்கு மதிய உணவு நேரத்தில் நாற்பது நிமிடம் பிளக்கில் போட்டுவைப்பது வழக்கமானது.

தண்ணீரை முக்கால் லிட்டர் பாட்டில் கணக்கில் வைத்துக்கொண்டோம். மதியத்துக்குள் ஒன்று, நாலு மணிக்குள் இன்னொன்று. ஒவ்வொரு பாடவேளையிலும் மாணவர்கள் எழுதும் நேரத்தில் இரண்டு மிடறு. முதல் சில நாட்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது, பிறகு இடைவேளையும் மதியமும் போதுமானவையாக ஆயின. தொண்டையைச் செருமும் பழக்கமும் இதனோடு கணிசமாகக் குறைந்தது. செருமும்போது நாண்கள் பலமாக அடித்துக்கொள்வதால் இதை நான் பெரிய ஆதாயமாக எண்ணினேன். கம்மிய நாட்களில் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நம்பியிருந்தார். பலர் கிசுகிசுக்கும்போதும் குரல்வளையை இறுக்கிக்கொள்வதால் அதையும் நிறுத்தினோம். வாரம் ஒரு முறை என ஆறு வாரம், மெல்லிய ஸ்ட்ராவின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டபடி குரல் எழுப்பும் பயிற்சியும் செய்தார்.

நான்கு வார முடிவில் அவர் முதல்வருக்குக் கொடுத்த அறிக்கையில் மூன்று செய்திகள்தான் இருந்தன. அந்த நாலு வாரத்தில் குரல் கம்மி விடுப்பு எடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஐந்து நாள். கடைசி வரிசைச் சொல் சோதனையின் எண்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் இரண்டு வரிக் குறிப்பு. குரல்நாணைப் பற்றி அதில் எதுவும் இல்லை, தேவையும் இல்லை; அதைப் பார்க்க வேண்டியவர்கள் மருத்துவரும் நானும். ஒரே மூச்சில் "ஆ" என்று நீட்டச் சொன்னபோது முதல் சந்திப்பில் எட்டு விநாடிதான் பிடித்தார், டிசம்பரில் பதினான்கு வந்தது. ஜனவரியில் எடுத்த உள்நோக்கிப் படத்தில் வலப்பக்க வீக்கம் மறைந்திருந்தது. இடப்பக்கம் விளிம்பில் சிறு தடிப்பு மட்டும் எஞ்சியிருந்தது. இந்த முன்னேற்றத்தில் மைக்கின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மைக் சரியாகப் பொருத்தப்படாத முதல் வாரத்தில் குரல் தேறவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

மைக்கால் எட்ட முடியாத இடங்களும் இருந்தன. பிப்ரவரியில் ஆண்டு விழா ஒத்திகைக்கு மைதானத்தில் மூன்று நாள் பிள்ளைகளை வரிசைப்படுத்தினார். அந்தச் சிறு ஒலிபெருக்கி நாற்பது பேர் கொண்ட அறைக்கானது. திறந்தவெளியில் இருநூறு பேருக்கு அது எடுபடாது. நான்காம் நாள் குரல் மறுபடி கம்மியது. இம்முறை அவர் சித்தரத்தையைத் தேடவில்லை, எனக்கும் தொலைபேசியில் அழைக்கவில்லை. முதல்வருக்கு நான்கு வரியில் இன்னொரு கடிதம் எழுதி, மைதானப் பணிக்கு உடற்கல்வி ஆசிரியரின் விசிலையும் பள்ளியின் பெரிய ஒலிபெருக்கியையும் கேட்டிருக்கிறார். அதே கடிதத்தில், முதல் கடிதத்தின் கொள்முதல் கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளது என்பதையும் தேதியோடு நினைவூட்டியிருந்தார். மார்ச்சில் பள்ளி இரண்டு மைக் தொகுப்புகள் வாங்கியது. இரண்டாவதை, ஆண்டு தொடக்கத்திலிருந்தே குரல் கம்மியிருந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்படி அவரையும் இவரே என்னிடம் அனுப்பி வைத்தார்.